ஆறாம் எண் ஏழாகும்போது

மருத்துவ ஆய்விதழ் ஒன்றைப் பிரித்தால் வரிக்கு வரி சதுர அடைப்புக்குள் எண்கள் தென்படும். [3] என்றிருக்கும், [3–6] என்றிருக்கும், [2,7] என்றிருக்கும். கட்டுரையின் கடைசியில் 1, 2, 3 என்று ஒரு பட்டியல். வரியில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு பட்டியலுக்குப் போனால், அந்த வரிக்கு ஆதாரமான கட்டுரையை எழுதியவர் யார், எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்று தெரியும். படிப்பவருக்கு இதைவிட எளிதான ஏற்பாடு இல்லை. எழுதுகிறவருக்குத்தான் சிக்கல். அச்சுக்குப் போகும்வரை கட்டுரை மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு சான்று புதிதாக நுழைந்தாலோ, இருந்தது ஒன்று வெளியேறினாலோ, அதற்குப் பின்னால் இருக்கும் எண்கள் எல்லாம் இடம் மாற வேண்டும். அந்த மாற்றம் பட்டியலில் மட்டும் நடந்தால் போதாது. கட்டுரை முழுவதும் நடக்க வேண்டும்.

இந்த எண் முறைக்கு 'வான்கூவர் முறை' என்று பெயர். 1978 ஜனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். கட்டுரைப் பிரதிகள் எப்படி அமைய வேண்டும் என்று அவர்கள் வகுத்த விதிகள் 1979இல் வெளிவந்தன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கிய மேற்கோள் வடிவமும் அவற்றில் சேர்ந்திருந்தது. அந்தக் குழுதான் பின்னாளில் மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆனது. எண்ணைப் பற்றிய விதி எளிமையானது. எந்தச் சான்று கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படுகிறதோ அது 1. அடுத்துப் புதிதாக வருவது 2. ஒருமுறை எண் பெற்ற சான்று மறுபடி எத்தனை இடத்தில் வந்தாலும் அதே எண்தான்.

இதற்கு மாற்றாக ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வரியிலேயே எழுதும் முறை வெகு காலத்துக்கு முன்பே இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், 1881இல் தோட்டத்து ஓடில்லா நத்தை பற்றி எழுதிய கட்டுரையில் அப்படிச் செய்தார். அதனால் அதற்கு ஹார்வர்டு முறை என்று பெயர் வந்தது. அந்த முறையில் ஒரு சான்று புதிதாக வந்தால் அகர வரிசையில் அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மற்றவை அசையாது. எண் முறையில் வரி சுருங்குகிறது, வாசிப்பு தடைபடுவதில்லை. ஆனால் எண் என்பது சான்றின் பெயர் அல்ல, அது நின்றுகொண்டிருக்கும் இடம். ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகர்கிறது.

ஒரு சின்ன எடுத்துக்காட்டை முழுசாகச் செய்து பார்த்தால் இது பிடிபடும். மருத்துவ மேற்படிப்பு மாணவி ஒருவர் வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ், பற்றி ஒரு குறுங்கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி கற்பனை, அவர் காட்டும் சான்றுகள் எல்லாம் நிஜமானவை.

முன்னுரையில் ஓஆர்எஸ்ஸின் வரலாற்றைச் சொல்லும் ரக்சினின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரை, எண் 1. அடுத்த வரியிலேயே, இந்தக் கரைசலை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று பாராட்டிய 'லான்செட்' இதழின் 1978ஆம் ஆண்டுத் தலையங்கம், எண் 2. இரண்டாவது பத்தி ஆய்வுகளைப் பேசுகிறது. ஹிர்ஷ்ஹார்ன் குழு 1968இல் எழுதியது 3, அதே ஆண்டில் டேவிட் நளின் குழு எழுதியது 4, 1969இல் பியர்ஸ் குழு எழுதியது 5. மூன்றாவது பத்தியில், 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவோடு போராடிய திலீப் மகலனாபிஸ் 1973இல் வெளியிட்ட கட்டுரை, எண் 6. நான்காவது பத்தியில் உப்பும் சர்க்கரையும் குறைத்த புதிய கரைசலைப் பற்றி 2001இல் ஹான் குழு எழுதியது 7, 2004இல் டுக்கன் குழு எழுதியது 8. ஆக எட்டுச் சான்றுகள்.

இவை தவிர, பின்பகுதியில் பழைய எண்கள் இரண்டு இடங்களில் மறுபடி வருகின்றன. விவாதப் பகுதியில், "சோடியமும் குளுக்கோஸும் குடலில் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன என்ற புரிதலின்மேல் எழுந்த ஆய்வுகள் [3–6]" என்று ஒரு வரி. கடைசிப் பத்தியில், "இந்த எளிய கரைசலின் மதிப்பு இன்றும் குறையவில்லை [2,7]" என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரை இதழுக்குப் போகிறது. மதிப்பாய்வாளர்களில் ஒருவர், "கொல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953இலேயே காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகத் திரவம் கொடுத்து லான்செட்டில் எழுதியிருக்கிறார், அதை விட்டுவிட்டீர்களே" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. மாணவி இரண்டாவது பத்தியின் முடிவில், பியர்ஸுக்குப் பின்னால், மகலனாபிஸுக்கு முன்னால், அதைச் சொல்லும் வரியைச் சேர்க்கிறார். சட்டர்ஜியின் கட்டுரை எண் 6 ஆகிறது. எனவே மகலனாபிஸ் 7, ஹான் 8, டுக்கன் 9. பட்டியலில் இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

கட்டுரைக்குள் மாற்ற வேண்டிய இடங்கள் ஐந்து. [6], [7], [8] என்று தனியாக நிற்கும் மூன்றும் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. [2,7] என்பது [2,8] ஆகிறது. [3–6]?

இங்கேதான் கை தடுமாறும். 6 ஏழாகிறது என்பதால் [3–7] என்று திருத்தத் தோன்றும். அப்படித் திருத்தினால் 3, 4, 5, 6, 7 என்று ஐந்து சான்றுகள் அந்த வரிக்குள் வந்துவிடும். நடுவில் இருக்கும் 6 இப்போது சட்டர்ஜி. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து உறிஞ்சப்படுவதை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் பிராக் நகரக் கருத்தரங்கில் முன்வைத்தது 1960இல். 1953இல் வந்த கட்டுரை அந்தப் புரிதலின்மேல் எழுந்தது என்று சொன்னால் வரலாறு தலைகீழாகிவிடும். எதையும் தொடாமல் [3–6] என்றே விட்டால் இன்னும் மோசம். சட்டர்ஜி உள்ளே இருப்பார், உண்மையில் இருக்க வேண்டிய மகலனாபிஸ் வெளியே போய்விடுவார். சரியான திருத்தம் [3–5,7]. தொடர்ச்சியாக இருந்த எண் கூட்டம் உடைந்து இரண்டாகிறது.

கோடு போட்டு எழுதும் எண் கூட்டத்தில் இரண்டு ஓரங்கள்தான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் இருக்கும் 4, 5 இரண்டும் எழுதப்படாமலே அங்கே இருக்கின்றன. புதிதாக நுழையும் சான்று அந்த மறைந்த பகுதிக்குள் விழுந்தால், அந்த வரி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துகிறவருக்கு இது தெரியாது. வரியைப் படித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது மதிப்பாய்வாளர் வேறொன்று சொல்கிறார். முன்னுரையில் லான்செட் தலையங்கத்தின் பாராட்டை இழுத்து வருவது தேவையில்லை, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்கிறார். மாணவி வரியை எடுக்கிறார். அதோடு பட்டியலிலிருந்து எண் 2ஐயும் எடுத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கீழிறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹிர்ஷ்ஹார்ன் 2 ஆகிவிடுகிறார். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில் அந்தத் தலையங்கம் இன்னும் நிற்கிறது. அங்கே இருந்த [2,8] இப்போது [2,7] ஆகும். 7 என்பது ஹான், அது சரி. 2 என்பது ஹிர்ஷ்ஹார்ன். கரைசலின் மதிப்பைப் பற்றிய வரிக்கு, குடலுக்குள் குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தி மல வெளியேற்றத்தை அளந்த 1968ஆம் ஆண்டு ஆய்வு ஆதாரமாக நிற்கும். எந்த எண்ணும் விடுபட்டிருக்காது, எந்த எண்ணும் மிச்சமாக இருக்காது. பட்டியலில் எட்டு, கட்டுரையில் எட்டு. கணக்கு சரியாக வரும், சான்று தவறாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு மேற்கோளை வரியிலிருந்து எடுத்தால், அதே எண் வேறு எங்காவது வருகிறதா என்று முதலில் தேட வேண்டும். எங்கும் இல்லையென்றால்தான் பட்டியலிலிருந்து நீக்கலாம். இருந்தால் அது நீக்கம் அல்ல, இடமாற்றம். மாணவியின் கட்டுரையில் தலையங்கம் முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் இப்போது கடைசிப் பத்தி, ஆகவே அது கடைசி எண்ணான 9க்குப் போகிறது. 3 முதல் 9 வரை இருந்தவை 2 முதல் 8 வரை ஆகின்றன. [3–5,7] என்பது [2–4,6]. கடைசிப் பத்தியின் [2,8] என்பது [7,9].

இதன் மறுபக்கமும் உண்டு. பின்னால் இருக்கும் ஒரு சான்றை முன்னுரையில் ஒருமுறை குறிப்பிட்டாலே போதும், அது தன் பழைய எண்ணை விட்டுவிட்டு முன்னால் வந்துவிடும். புதிதாக எந்தச் சான்றும் சேரவில்லை, பட்டியலின் நீளமும் மாறவில்லை, ஆனாலும் நடுவில் இருந்த அத்தனை எண்களும் மாறும். பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் இதே கதைதான். அட்டவணைக்குள் இருக்கும் மேற்கோள்களுக்கும் விதி இருக்கிறது. அட்டவணை பக்கத்தில் எங்கே அச்சாகிறது என்பது கணக்கில் வராது. 'அட்டவணை 1ஐப் பார்க்க' என்று கட்டுரையில் முதலில் எங்கே சொல்லப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் அதற்குள் இருக்கும் சான்றுகள் எண் பெறும். அந்த ஒரு சொற்றொடரை இரண்டு பத்தி முன்னால் தள்ளியவர், தான் எண் வரிசையையே கலைத்ததாக நினைத்திருக்க மாட்டார்.

கையால் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் கணினியின் 'தேடி மாற்று' வசதியை நம்புவார்கள். அதில் ஒரு வரிசை முறை இருக்கிறது. சட்டர்ஜி நுழைந்தபோது 6 ஏழாக, 7 எட்டாக, 8 ஒன்பதாக வேண்டும். முதலில் 6ஐ 7 ஆக மாற்றினால், கட்டுரையில் இப்போது இரண்டு வகை ஏழுகள் இருக்கும். பழைய ஏழும் புதிய ஏழும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அடுத்து 7ஐ 8 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து எட்டாகும். பிறகு 8ஐ 9 ஆக்கினால் மகலனாபிஸ், ஹான், டுக்கன் மூவரும் ஒன்பதில் போய் ஒட்டிக்கொள்வார்கள். அதன்பிறகு எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை, பழைய பிரதியைத்தான் திறக்க வேண்டும். பந்தியில் நடுவில் ஒருவருக்கு இடம் விட வேண்டுமானால் கடைசியில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் நகர வேண்டும். அதுபோல, சேர்க்கும்போது மேலிருந்து கீழாக வர வேண்டும். முதலில் 8 ஒன்பதாகட்டும், பிறகு 7 எட்டாகட்டும், கடைசியில் 6 ஏழாகட்டும். நீக்கும்போது நேர்மாறு. சிறிய எண்ணிலிருந்து தொடங்கி ஏற வேண்டும்.

தலையங்கத்துக்கு நேர்ந்ததுபோல ஒன்று முன்னாலிருந்து கடைசிக்குப் போகிறது, மற்றவை எல்லாம் கீழிறங்குகின்றன என்றால், இந்த இரண்டு வரிசையும் மட்டும் போதாது. முதலில் 2ஐ எண்ணே அல்லாத ஒரு குறியாக, '@@' என்று மாற்றி ஓரம் கட்ட வேண்டும். பிறகு 3 முதல் 9 வரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் '@@' என்ற இடங்களில் 9 என்று போட வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தாலும் தேடல் கண்ணில் படாத இடங்கள் உண்டு. '[6]' என்று தேடினால் '[3–6]' அகப்படாது, '[2,6]' அகப்படாது. அடைப்பை விட்டுவிட்டு '6' என்று மட்டும் தேடினால் 1968ஆம் ஆண்டும், 16ஆம் மேற்கோளும், ஆறு மணி நேரமும் சேர்ந்து மாறிவிடும். எண் கூட்டத்தின் நடுக்கோடு சில இடங்களில் குட்டையாகவும் சில இடங்களில் நீளமாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்து. எண்களை மேலொட்டாக அச்சிடும் இதழ்களில் இன்னொரு ஆபத்து, பத்தின் அடுக்காக எழுதிய எண்ணும் மேற்கோளும் ஒரே தோற்றத்தில் இருக்கும். எட்டுச் சான்றுள்ள கட்டுரையில் இதைக் கண்ணால் சமாளிக்கலாம். எண்பது சான்றுள்ள ஆய்வேட்டில் முடியாது.

எண்ணை எழுதுவதையே விட்டுவிடுவதுதான் இதற்குத் தீர்வு. ஆரன் படாஷ்னிக் 1985இல் எழுதிய பிப்டெக் என்ற நிரலும், லெஸ்லி லாம்போர்ட்டின் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியும் சேர்ந்து இதைத்தான் செய்கின்றன. எழுதுகிறவர் ஒவ்வொரு சான்றுக்கும் மாறாத ஒரு பெயர் வைக்கிறார். வரியில் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைப் போடுகிறார்.

```
\cite{hirschhorn1968,nalin1968,pierce1969,mahalanabis1973}
```

மாணவியின் விவாதப் பகுதி வரி இப்படி எழுதப்பட்டிருந்தால், சட்டர்ஜி எங்கே நுழைந்தாலும் இந்த வரிக்குள் அவர் வர மாட்டார். ஏனென்றால் இங்கே ஓரங்கள் இல்லை, நால்வரின் பெயரும் தனித்தனியாக இருக்கிறது. `cite` என்ற சேர்ப்புத் தொகுப்பை இணைத்துக்கொண்டால் எண்களை வரிசைப்படுத்தி, தொடர்ச்சியாக இருப்பவற்றை மட்டும் கோடு போட்டுச் சுருக்குவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டியல் கட்டுரையில் வரும் வரிசையில் அமைய வேண்டுமானால் `unsrt` என்ற பாணியைக் கேட்க வேண்டும். `plain` என்று கேட்டால் பட்டியல் ஆசிரியர் பெயரின் அகர வரிசைக்குப் போய்விடும்.

ஒரு மாற்றம் செய்தபின் கட்டளைகளை இந்த வரிசையில் ஓட்ட வேண்டும்.

```
pdflatex paper
bibtex paper
pdflatex paper
pdflatex paper
```

முதல் ஓட்டத்தில் எந்தெந்தப் பெயர்கள் அழைக்கப்பட்டன என்று குறிப்பெடுக்கப்படுகிறது. இரண்டாவதில் பட்டியல் உருவாகிறது. மூன்றாவதில் பட்டியல் உள்ளே வந்து, ஒவ்வொரு பெயருக்கும் என்ன எண் என்று பதிவாகிறது. நான்காவதில்தான் அந்த எண்கள் வரிகளில் ஏறுகின்றன. நடுவில் நிறுத்தினால் புதிய சான்று நிற்க வேண்டிய இடத்தில் `[?]` என்று வரும், அல்லது பழைய எண்ணே அப்படியே இருக்கும். கேள்விக்குறி வந்தால் நல்லது, அது கண்ணில் குத்தும். பழைய எண் இருந்தால்தான் ஏமாற்றும். பதிவுக் கோப்பில் `Label(s) may have changed` என்ற எச்சரிக்கை இருந்தால் இன்னொரு முறை ஓட்ட வேண்டும் என்று பொருள்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, ஆய்வேடு எழுதுகிறவர்கள் அதில் அடிக்கடி விழுகிறார்கள். ஒரு படத்தின் விளக்கக் குறிப்பில் மேற்கோள் இருந்து, ஆய்வேட்டின் தொடக்கத்தில் 'படங்களின் பட்டியல்' என்று ஒரு பக்கமும் இருந்தால், அந்த விளக்கக் குறிப்பு அங்கேயும் அச்சாகும். நிரலைப் பொறுத்தவரை அந்தச் சான்று முதலில் வருவது அங்கேதான். நான்காம் அத்தியாயத்தில் வர வேண்டிய சான்று எண் 1 என்று வந்து நிற்கும். முதல் அத்தியாயத்தைப் பிரித்தால் முதல் மேற்கோளே 5 என்றோ 6 என்றோ இருக்கும். இதற்காகவே `notoccite` என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, அதைச் சேர்த்தால் முன்பக்கப் பட்டியல்கள் கணக்கில் வராது.

வேர்டு கோப்பில் எழுதுகிறவர்களுக்கு எண்ட்நோட், ஜொடேரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. ஜொடேரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, விலையில்லாதது. இவையும் அதே கொள்கைதான். கோப்பில் தெரியும் [6] வெறும் எண் அல்ல, அதன் அடியில் சான்றின் முழு விவரமும் ஒளிந்திருக்கும் ஒரு புலம். புதிய சான்றைச் சேர்த்து `Refresh` அழுத்தினால் எல்லா எண்ணும் பட்டியலும் தாமாகவே மாறும்.

மூவர் நால்வர் சேர்ந்து எழுதும் கட்டுரையில்தான் இது உடைகிறது. துணையாசிரியர் ஒருவரின் கணினியில் அந்த மென்பொருள் இருக்காது. அவர் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, பக்கத்தில் கையாலேயே [10] என்று தட்டி அனுப்புவார். திரையில் மற்ற எண்களுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இதன் அடியில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது மற்ற எண்கள் எல்லாம் நகரும், இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எண்ணின்மேல் ஒருமுறை சொடுக்கினால், புலமாக இருந்தால் முழு அடைப்பும் சாம்பல் நிறத்தில் ஒளிரும், கையால் தட்டியது ஒளிராது.

திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி இன்னொரு குழப்பம். மறுசமர்ப்பிப்பின்போது இதழ்கள் திருத்தம் தெரியும் பிரதி ஒன்றும், சுத்தப் பிரதி ஒன்றும் கேட்கும். திருத்தப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மேற்கோளை அழித்தால், அது சிவப்புக் கோடு போட்டு அடிக்கப்பட்டதாகத் தெரியுமே தவிர, கோப்பை விட்டுப் போகாது. மென்பொருள் அதையும் உயிரோடிருக்கும் மேற்கோளாகவே எண்ணும். பட்டியலில் அந்தச் சான்று அப்படியே இருக்கும், எண்களும் இறங்காது. திருத்தங்களை ஏற்றுக்கொண்டு மறுபடி புதுப்பித்தால்தான் சரியான எண் வரும். விளைவு, ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகளில் இரண்டு விதமான எண்கள். "நீங்கள் கேட்டபடி சான்று 6ஐச் சேர்த்துவிட்டோம்" என்று மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதில் கடிதத்தில் இருக்கும் எண் எந்தப் பிரதியினுடையது? மாணவியின் கட்டுரையில் சட்டர்ஜி முதல் திருத்தத்துக்குப் பின் 6, இரண்டாவது திருத்தத்துக்குப் பின் 5. கடிதத்தில் எண்ணோடு ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. "சட்டர்ஜி 1953, சுத்தப் பிரதியில் எண் 5" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

அச்சுப் பிழை பார்க்கும் கட்டத்தில் ஒரு சான்றைச் சேர்க்க நேர்ந்தால், சில இதழ்கள் மொத்த எண்ணையும் கலைக்காமல் 6a என்று ஒன்றை நுழைக்க அனுமதிக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கடைசி நேரத்தில் நாற்பது எண்களைக் கையால் மாற்றி நான்கைத் தவறவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கையால் செய்தாலும் கருவியால் செய்தாலும், அனுப்பும் முன் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை எண்களை மட்டும். கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு எண்ணும் முதன்முதலாக வரும் இடத்தைக் குறித்தால் 1, 2, 3 என்று இடைவெளி இல்லாமல் ஏற வேண்டும். 4க்கு அடுத்து 6 புதிதாக வந்தால் ஏதோ இடம் மாறியிருக்கிறது. கடைசியில் வரும் புதிய எண்ணும் பட்டியலின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கட்டுரை இரண்டு எண்களில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிடலாம். இருவர் தனித்தனியாகச் சான்று சேகரித்திருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

இந்தச் சோதனை [3–7] என்ற தவற்றைப் பிடிக்காது. தலையங்கத்தின் இடத்தில் ஹிர்ஷ்ஹார்ன் நிற்பதையும் பிடிக்காது. ஆகவே இரண்டாவது முறை பொருளைப் பார்க்க வேண்டும். வரியில் ஒரு பெயரோ ஆண்டோ ஊரோ இருந்தால், பட்டியலில் அந்த எண்ணில் அதே பெயர், அதே ஆண்டு இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். "1973இல் மகலனாபிஸ் காட்டியதுபோல" என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் பட்டியலில் 1953ஐக் காட்டினால், பிழை அந்த ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களும் ஒன்று நகர்ந்திருக்கும். பெயர் எதுவும் இல்லாத வரிகளுக்கு ஒரே வழிதான். கோடு போட்ட எண் கூட்டங்களை விரித்து, ஒவ்வொரு சான்றின் தலைப்பையும் படித்து, இந்த வரி சொல்வதை இது சொல்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த வேலையை எந்த மென்பொருளிடமும் விட முடியாது. சட்டர்ஜி 1960க்கு முன்னால் எழுதியவர் என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும்.

கட்டுரை வெளியான பின் எண் தவறியது தெரியவந்தால் இதழ் ஒரு திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும். அதற்குள் கட்டுரையைத் தரவிறக்கிய பலர் பழைய பிரதியையே வைத்திருப்பார்கள், அதிலிருந்தே மேற்கோளும் எடுப்பார்கள். அச்சுப் பிரதி சரிபார்க்க வரும்போது ஆசிரியருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அதில் ஒரு மணி நேரத்தை மேற்கோள் எண்களுக்கென்று ஒதுக்குங்கள். பட்டியலைத் தனித்தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட எண்களில் தொடங்குங்கள்.